‘வந்தால் விடமாட்டேன்’ என்றவர் ஏன் வழிவிடுகிறார்?

ஒரு சந்தையில் ஒரே ஒரு நிறுவனம்தான் இருக்கிறது. அது எல்லோர் காதிலும் விழும்படி அறிவிக்கிறது: “வேறு யாராவது இங்கே கால்வைத்தால் விலையை அடிமட்டத்துக்கு இறக்குவோம். எங்களுக்கு லாபம் போனாலும் பரவாயில்லை, வந்தவரை நிம்மதியாக இருக்க விடமாட்டோம்.” சில மாதங்களில் புதிய நிறுவனம் ஒன்று நுழைகிறது. விலைப்போர் மூளும் என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள். ஒன்றும் நடப்பதில்லை. விலை கொஞ்சம் இறங்குகிறது, சந்தையை இருவரும் பங்குபோட்டுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

வேடிக்கை பார்த்தவர்கள் இதற்கு இரண்டு விளக்கம் சொல்வார்கள். ஒன்று, பழைய நிறுவனம் பயந்துவிட்டது. இன்னொன்று, நிர்வாகம் மனம் மாறிவிட்டது. எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை. அறிவிப்பு வெளியான நாளிலும் வழிவிட்ட நாளிலும் அந்த நிறுவனம் ஒரே கணக்கைத்தான் போட்டிருக்கிறது. அந்தக் கணக்கில் சண்டை என்ற பதில் ஒருநாளும் வந்ததே இல்லை. அதைப் புதியவரும் போட்டுப் பார்த்திருக்கிறார் என்பதுதான் விஷயம்.

எண்களோடு பார்த்தால் தெளிவாகும். நாணயம் எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். சந்தைக்கு வரும் மொத்தச் சரக்கின் எண்ணிக்கையை 110-லிருந்து கழித்தால் கிடைப்பது விலை என்று வைத்துக்கொள்வோம். 50 சரக்கு வந்தால் விலை 60, 90 வந்தால் விலை 20. ஒரு சரக்கைச் செய்ய யாருக்கும் 20 செலவாகும். பழையவர் தனியாக இருக்கும்போது அவருக்கு மிகவும் லாபமான அளவு 45. விலை 65-ல் நிற்கும், ஒவ்வொன்றிலும் 45 மிஞ்சும், மொத்த லாபம் 2025.

புதியவர் நுழைய வேண்டுமானால் முதலில் 700 செலவழிக்க வேண்டும். அனுமதி, இடம், விளம்பரம் என்று போகும் பணம் அது, திரும்பி வராது. நுழைந்தபின் இருவரும் இணக்கமாக நடந்துகொண்டால் ஆளுக்கு 30 சரக்கு விற்பார்கள், விலை 50 ஆகும். ஏன் 30? மற்றவர் 30 விற்கும்போது நீங்கள் 31 விற்றால் விலை 49-க்கு இறங்கி லாபம் 899 ஆகிறது. 29 விற்றாலும் அதே 899. முப்பதில் நின்றால்தான் 900. இருவருக்கும் கணக்கு ஒன்றுதான் என்பதால் இருவரும் அங்கேயே நிற்பார்கள். பழையவருக்கு 900, புதியவருக்கு நுழைவுச் செலவு போக 200.

சண்டை என்றால்? பழையவர் விலையை 20-க்கு இறக்கிவிடுகிறார், அதாவது அடக்க விலைக்கு. அவருக்கு லாபம் பூஜ்யம். புதியவருக்கு மிச்சம் எதுவும் இல்லாததால் போட்ட 700 நஷ்டம்.

இப்போது அறிவிப்பை மறுபடி படியுங்கள். புதியவர் அதை நம்பினால் வரமாட்டார். வந்தால் 700 போகும், வராவிட்டால் ஒன்றும் போகாது. பழையவர் 2025-ஐ நிம்மதியாக எடுத்துக்கொண்டிருப்பார். ஆக, மிரட்டல் பலித்தால் பழையவருக்கு அதைவிட நல்லது வேறில்லை. மிரட்டுவதற்குச் செலவும் இல்லை. இவ்வளவு மலிவான பொருளை எந்த நிறுவனம்தான் வாங்காது?

சிக்கல் வரிசையில் இருக்கிறது. முதலில் அறிவிப்பு, அடுத்தது புதியவரின் முடிவு, அதற்குப் பிறகுதான் பழையவரின் பதில். புதியவர் மிரட்டலை மதிக்காமல் உள்ளே வந்துவிட்டார் என்று வையுங்கள். அந்த நிமிடத்தில் பழையவர் முன்னால் இரண்டே எண்கள்தான் இருக்கின்றன: வழிவிட்டால் 900, சண்டை போட்டால் 0. 2025 என்ற எண் மேசையிலேயே இல்லை. நுழைந்துவிட்டவரை நுழையாதவராக்க எந்த விலைக் குறைப்பாலும் முடியாது. மிரட்டல் எந்தக் காரியத்துக்காகப் பிறந்ததோ அந்தக் காரியம் ஏற்கெனவே கெட்டுவிட்டது. இனி அதைக் காப்பாற்றுவது, எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொள்வதுதான். அறிவிப்பு நாளில் அந்த வாக்கின் விலை பூஜ்யம். நிறைவேற்ற வேண்டிய நாளில் அதன் விலை 900.

“சண்டை போட்டு விரட்டிவிட்டால் மறுபடி 2025 கிடைக்குமே” என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் புதியவரின் 700 ஏற்கெனவே போய்விட்டது. வெளியேறினாலும் அது திரும்பாது. விலை 20-ல் நிற்கும் வரை, உள்ளே இருப்பதால் அவருக்குப் புதிதாக நஷ்டம் எதுவும் கூடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார். அடக்க விலைக்கும் கீழே போனால்தான் அவருக்கு வலிக்கும். அப்போது சந்தையில் அதிகம் விற்பவருக்கே அதிகம் வலிக்கும். நஷ்டம் என்பது ஒவ்வொரு சரக்கிலும் விழுவது, பெரியவர் விற்பதோ அதிகம். 1958-ல் ஜான் மெக்கீ என்ற பொருளியலாளர், அமெரிக்க எண்ணெய் நிறுவனமான ஸ்டாண்டர்ட் ஆயில் போட்டியாளர்களை விலை குறைத்தே ஒழித்தது என்ற பழைய கதையைக் கேள்விக்குள்ளாக்கியபோது அவர் முன்வைத்த வாதங்களில் இதுவும் ஒன்று. விலைப்போரைவிடப் போட்டியாளரை விலைகொடுத்து வாங்கிவிடுவது மலிவு என்பது அவர் கட்சி.

இந்த ஆட்டத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒருவர் முடிவு மற்றவர் முடிவைச் சார்ந்திருக்கும் நிலைகளை ஆராயும் ஆட்டக் கோட்பாட்டுக்கே அது கொஞ்ச காலம் தலைவலியாக இருந்தது. கணிதவியலாளர் ஜான் நாஷின் சமநிலை என்பது, மற்றவர் செய்வது மாறாது என்று கொண்டால் தன் முடிவை மாற்றிக்கொள்ள யாருக்கும் காரணம் இல்லாத நிலை. அந்த அளவுகோலை வைத்தால் ‘பழையவர் சண்டையில் உறுதியாக இருக்கிறார், புதியவர் வெளியே நிற்கிறார்’ என்பதும் ஒரு சமநிலைதான்! புதியவர் ஒதுங்கியதால் சண்டை என்ற முடிவு சோதனைக்கே வருவதில்லை. சோதனைக்கு வராததால் அதில் உறுதியாக இருப்பதற்குப் பழையவருக்குச் செலவும் இல்லை. தேர்வே எழுதாதவர் தோற்கவில்லை என்று பெருமைப்பட்டுக்கொள்வது போன்ற சமநிலை இது.

ஜெர்மானியப் பொருளியலாளர் ரைன்ஹார்ட் ஸெல்டன் 1965-ல் இதற்கு ஒரு கடிவாளம் போட்டார். ஆட்டத்தின் ஒவ்வொரு கட்டத்தையும், அந்தக் கட்டம் நிஜத்தில் வருமோ வராதோ, அங்கிருந்து புதிதாகத் தொடங்கும் தனி ஆட்டமாகப் பார்க்க வேண்டும், அந்தத் துணையாட்டத்திலும் அவரவர் முடிவு அவரவருக்கு லாபமானதாக இருக்க வேண்டும் என்றார். நம் ஆட்டத்தில் ‘புதியவர் உள்ளே வந்துவிட்டார்’ என்ற இடத்தில் தொடங்கும் துணையாட்டத்தில் ஒரே ஆள், ஒரே முடிவு: 900-ஆ, 0-ஆ? சண்டை அங்கேயே அடிபட்டுப் போகிறது. அதை அறிந்த புதியவர் 200-ஐ எண்ணி உள்ளே வருகிறார். கடைசியிலிருந்து தொடக்கத்தை நோக்கி வரும் இந்தப் பின்னோக்கிய கணக்குக்குத் தப்பிப் பிழைப்பது வழிவிடும் முடிவு மட்டும்தான். 1994-ல் நாஷ், ஹர்சானி ஆகியோரோடு ஸெல்டனுக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்ததில் இந்தச் செம்மைப்படுத்தலுக்கு முக்கியப் பங்கு உண்டு.

அப்படியானால் மிரட்டலை நிஜமாக்க வழியே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது குரலை உயர்த்துவதில் இல்லை, கடைசி இடத்தில் இருக்கும் அந்த இரண்டு எண்களை மாற்றுவதில் இருக்கிறது. பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1960-லேயே இதை விளக்கியிருந்தார்: தன் கையைத் தானே கட்டிக்கொள்பவருக்குப் பேரத்தில் பலம் கூடும்.

முதலில் மனதில் தோன்றும் வழி ஓர் ஒப்பந்தம். பழையவர் மூன்றாம் ஆள் ஒருவரிடம் எழுதிக்கொடுக்கிறார்: “யாராவது நுழைந்து நான் சண்டை போடாவிட்டால் உனக்கு 1000 தருகிறேன்.” இப்போது வழிவிட்டால் கையில் 900, கொடுக்க வேண்டியது 1000, மிஞ்சுவது 100 நஷ்டம். சண்டை போட்டால் பூஜ்யம். பூஜ்யமே மேல். மிரட்டல் உண்மையாகிவிட்டது போலத் தெரியும். ஆனால் புதியவர் நுழைந்த மறுநாள் பழையவர் அந்த மூன்றாம் ஆளிடம் போய் என்ன சொல்வார் என்று யோசியுங்கள். “நான் சண்டை போட்டால் உனக்கு ஒன்றும் கிடைக்காது. ஒப்பந்தத்தைக் கிழித்துப் போடு, 400 தருகிறேன்.” மூன்றாம் ஆளுக்கு 400 லாபம், பழையவருக்கு 500 மிச்சம். இருவரும் சந்தோஷமாகக் கிழிப்பார்கள். அப்படிக் கிழிப்பார்கள் என்று தெரிந்த புதியவருக்கு அந்தக் காகிதம் வெறும் காகிதம். கையைக் கட்டிய கயிற்றை அவிழ்ப்பதால் கட்டியவருக்கும் கட்டப்பட்டவருக்கும் லாபம் என்றால் அது கயிறே இல்லை.

அவிழ்க்கவே முடியாத கயிறு எது? செலவழிந்துபோன பணம். 1980-ல் பொருளியலாளர் அவினாஷ் தீட்சித் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான். அதை நம் எண்களிலேயே பார்க்கலாம். ஒரு சரக்குக்கு ஆகும் 20-ல், 15 இயந்திரத்துக்கு, 5 மூலப்பொருளுக்கும் கூலிக்கும் என்று பிரியுங்கள். பழையவர் இயந்திரங்களை அவ்வப்போது வாடகைக்கு எடுக்கிறார் என்றால் மேலே சொன்ன கதை அப்படியே நிற்கும், நுழைவுக்குப் பிறகு 30-க்கு இறங்குவார். மாறாக, புதியவர் முடிவெடுப்பதற்கு முன்பே 45 சரக்குக்கான இயந்திரங்களை வாங்கிப் பொருத்திவிட்டார், விற்றாலும் காசு தேறாது என்று வையுங்கள். இப்போது அவருக்கு இன்னொரு சரக்கு செய்ய ஆகும் செலவு 20 அல்ல, வெறும் 5. இயந்திரத்துக்குப் போட்டது எப்படியும் போனதுதான், அதைக் கணக்கில் சேர்ப்பதில் அர்த்தமில்லை.

செலவு 5 ஆனவர் தானாகவே அதிகம் செய்வார். புதியவருக்கு 20, பழையவருக்கு 5 என்ற நிலையில் இருவரும் நின்று பிடிக்கும் இடம் பழையவர் 40, புதியவர் 25, விலை 45. புதியவருக்கு ஒவ்வொன்றிலும் 25 வீதம் 625 கிடைக்கும். நுழைவுச் செலவு 700. ஆக 75 நஷ்டம். அவர் வரமாட்டார்.

இதில் என்னை மிகவும் கவர்ந்த விஷயம் ஒன்று. பழையவர் தனியாக இருந்தாலும் 45 தான் செய்திருப்பார், அதற்கு இதே இயந்திரங்களைத்தான் பயன்படுத்தியிருப்பார். கூடுதலாக அவர் ஒரு காசும் செலவழிக்கவில்லை. யாரையும் மிரட்டவும் இல்லை. செலவு செய்த நேரமும், அதைத் திரும்ப எடுக்க முடியாது என்பதும்தான் வேறு. வாடகை இயந்திரத்தோடு சபதம் போட்டவர் 900-க்கு இறங்கினார், சொந்த இயந்திரத்தோடு பேசாமல் இருந்தவர் 2025-ஐத் தக்கவைத்தார். இரண்டாமவர் நுழைவுக்குப் பிறகு செய்யப்போவதைச் சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது. அவர் தன் லாபத்தைத்தான் பார்த்துக்கொள்வார். அதுவே புதியவருக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது.

இதிலிருந்து, இயந்திரங்களை இன்னும் குவித்தால் மிரட்டல் இன்னும் கூடும் என்று தாவிவிடக் கூடாது. தீட்சித்துக்கு முன் 1977-ல் மைக்கேல் ஸ்பென்ஸ் அந்தத் திசையில்தான் யோசித்தார்: உபரித் திறனைச் சும்மா வைத்திரு, யாராவது வந்தால் முழுவேகத்தில் ஓட்டு. நம் எண்களில் 60 சரக்குக்கு இயந்திரம் போட்டாலும், புதியவர் வந்தபின் பழையவருக்கு லாபமான அளவு 40 தான். மீதி 20 தூசு படிந்து நிற்கும். அதையும் ஓட்டுவேன் என்பது மறுபடி வாய்ச்சவடால். புதியவர் எண்ணிப் பார்ப்பது எத்தனை இயந்திரம் நிற்கிறது என்பதை அல்ல, தான் வந்தபின் எத்தனை ஓடும் என்பதை.

முறையின் எல்லையும் இதே எண்களில் தெரிகிறது. நுழைவுச் செலவு 700 அல்ல, 600 என்றால்? 625-ல் 600 போக 25 மிச்சம். புதியவர் வருவார். இயந்திரத்துக்குப் போட்ட பணம் முழுவதும் திரும்ப எடுக்க முடியாததாக இருந்தாலும் பழையவர் வழிவிட்டே ஆக வேண்டும். அதேபோல், இயந்திரத்தைப் போட்ட விலைக்கே விற்கச் சந்தை இருந்தால் கயிறு தளர்ந்துவிடும். பயன்படாத ஒவ்வோர் இயந்திரமும் 15-ஆக மாறும் என்றால் அதை ஓட்டுவதற்கான செலவு மறுபடி 20 ஆகிவிடுகிறது. எங்கும் எளிதில் கைமாறும் சொத்துகளை வைத்துத் தொழில் செய்பவர்களின் சபதங்களை இந்தக் கண்ணோடு பார்ப்பது நல்லது.

நிஜ உலகில் இதற்கு அடிக்கடி காட்டப்படும் உதாரணம் அமெரிக்க வேதிப்பொருள் நிறுவனமான டூபான்ட். வண்ணப்பூச்சுகளுக்கு வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடு சந்தையில் 1970-களில் அதற்குச் செலவு குறைந்த தயாரிப்பு முறை ஒன்று கைவசம் இருந்தது. வளரப்போகும் தேவையைத் தானே நிரப்பும் விதமாகப் பெரிய திறன் விரிவாக்கத்தில் இறங்கியது. 1978-ல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் வழக்கு வந்தது. 1980-ல் ஆணையமே அதைத் தள்ளுபடி செய்தது. செலவுச் சாதகம் உள்ள நிறுவனம் எதிர்காலத் தேவையை எண்ணிச் செய்த முதலீடு என்று அது ஏற்றுக்கொண்டது. மேலே உள்ள 45 இயந்திரக் கணக்கைப் பார்த்தவர்களுக்கு அந்த வழக்கின் சங்கடம் புரியும். தடுப்பதற்காகப் போட்ட இயந்திரமும் தொழிலுக்காகப் போட்ட இயந்திரமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

இதுவரை பார்த்தது ஒரே சந்தை, ஒரே புதியவர். “நான் பார்த்த நிறுவனங்கள் இப்படி இல்லை, ஒருவனை அடித்தால் ஒன்பது பேர் ஒதுங்குவார்கள்” என்று தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் சொல்வார்கள். ஒரு சந்தையில் 900-ஐ இழந்தாலும், அதைப் பார்த்து இன்னொரு சந்தையில் ஒருவர் ஒதுங்கினால் 1125 கூடுதலாகக் கிடைக்கிறதே. ஒரே ஒருவர் பயந்தாலே போட்ட காசு வந்துவிடுகிறது.

1978-ல் ஸெல்டன் இந்த வாதத்தையே எடுத்துக்கொண்டார். ஒரு நிறுவனத்துக்கு 20 ஊர்களில் கிளைகள். ஒவ்வோர் ஊரிலும் ஒரு புதியவர், ஒருவர் பின் ஒருவராக முடிவெடுக்கிறார். முன்னால் நடந்தது எல்லோருக்கும் தெரியும். இருபதாவது ஊரிலிருந்து தொடங்குவோம். அதற்குப் பிறகு பயமுறுத்த யாரும் இல்லை. ஆகவே அங்கே சண்டைக்குக் காரணமே இல்லை, வழிவிடுவார். பத்தொன்பதாவது ஊரில் சண்டை போட்டால் இருபதாமவர் பயப்படுவாரா? மாட்டார், அவர் விஷயம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. அப்படியானால் பத்தொன்பதிலும் சண்டை வீண். பதினெட்டிலும் அப்படியே. இப்படியே இறங்கி வந்தால் முதல் ஊரிலேயே வழிவிட வேண்டியதுதான். இருபது ஊர்களிலும் ஒரு சண்டை இல்லை.

இதற்கு ஸெல்டன் வைத்த பெயரே ‘கிளைக்கடை முரண்’. தர்க்கத்தில் ஓட்டையில்லை என்று நிறுவியவரே, தானே அந்த ஆட்டத்தை ஆட நேர்ந்தால் ஆரம்ப ஊர்களில் சண்டை போட்டுப் பயமுறுத்தும் வழியையே பின்பற்றுவேன், அது பலிக்காவிட்டால்தான் ஆச்சரியப்படுவேன் என்றும் எழுதினார். தன் தேற்றத்தைத் தானே நம்பாத நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1982-ல், டேவிட் கிரெப்ஸும் ராபர்ட் வில்சனும் ஒரு பக்கம், பால் மில்கிரோமும் ஜான் ராபர்ட்ஸும் இன்னொரு பக்கம் முடிச்சை அவிழ்த்தார்கள். ஸெல்டனின் கணக்கு முழுவதும் ஒரு நூலில் தொங்குகிறது: கடைசி ஊரில் பழையவர் நிச்சயமாக வழிவிடுவார் என்று எல்லோருக்கும் சந்தேகமறத் தெரியும். அந்த நிச்சயத்தில் ஒரு சின்னக் கீறல் விழுந்தால்? நூறில் ஒரு பங்கு வாய்ப்பில் இந்தப் பழையவர் நிஜமாகவே மூக்கை அறுத்துக்கொள்ளும் ரகமாக இருக்கலாம், லாப நஷ்டம் பாராமல் எப்போதும் சண்டை போடுபவராக இருக்கலாம் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். இவர் அப்படிப்பட்டவர் அல்ல, சாதாரணமானவர்தான். ஆனால் அது அவருக்கு மட்டுமே தெரியும்.

கடைசி ஊரில் புதியவர் எப்போது ஒதுங்குவார்? சண்டை வந்தால் 700 போகும், வராவிட்டால் 200 வரும். ஒன்பது முறையில் இரண்டு முறை சண்டை என்றால் நஷ்டம் 1400, லாபமும் 1400. ஆக, சந்தேகம் ஒன்பதில் இரண்டு, அதாவது சுமார் 22 சதவீதம் இருந்தால்தான் அவர் தயங்குவார். ஒரு சதவீதச் சந்தேகம் அங்கே செல்லாக்காசு.

கடைசிக்கு முந்தைய ஊரில் கதை மாறுகிறது. இங்கே 81 நிறுவனங்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். அவற்றில் 4 மூக்கறுக்கும் ரகம், 77 சாதாரணம். புதியவர் நுழைந்தால் அந்த 4-ம் சண்டை போடும். சாதாரண நிறுவனங்களில் 14 மட்டும் அதேபோல் நடித்துச் சண்டை போடுகின்றன என்று வையுங்கள். இப்போது சண்டை போட்டவை 18, அதில் நிஜமானவை 4. கடைசி ஊர்க்காரர் பார்வையில் சந்தேகம் 18-ல் 4, அதே ஒன்பதில் இரண்டு. அவரைத் தயங்கவைக்க அது சரியாகப் போதும். மறுபக்கம், இந்த ஊர்க்காரர் எதிர்கொள்ளும் சண்டை வாய்ப்பு 81-ல் 18. அதுவும் ஒன்பதில் இரண்டு. ஆகவே அவரும் தயங்குவார். நிஜமான மூக்கறுப்பவர்கள் ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் நடிப்பவர்கள் சேர்ந்ததால் அந்தச் சிறு சந்தேகம் 22 சதவீதத்தின் வேலையைச் செய்கிறது. நடிப்பவர்களும் அசட்டுத்தனமாக நடிக்கவில்லை. இங்கே 900 இழந்தால் கடைசி ஊரில் 1125 கூடுதலாகக் கிடைக்கும் வாய்ப்பு வருகிறது, அந்த வாய்ப்பு 80 சதவீதம் என்றால் கணக்கு நேராகிவிடும்.

ஒவ்வோர் ஊர் பின்னால் போகும்போதும் தேவையான சந்தேகம் இப்படி ஒன்பதில் இரண்டு மடங்காகச் சுருங்குகிறது. இரண்டு ஊர் மிச்சமிருந்தால் 4.9 சதவீதம், மூன்று ஊர் என்றால் சுமார் 1.1 சதவீதம், நான்கு ஊர் என்றால் 0.24 சதவீதம். நம் புதியவர்களிடம் இருப்பது ஒரு சதவீதச் சந்தேகம். ஆக, நான்கோ அதற்கு மேலோ ஊர்கள் மிச்சமிருக்கும் வரை யாரும் நுழைய மாட்டார்கள். முதல் 17 ஊர்களில் பழையவர் ஒரு சண்டையும் போடாமல் 2025 வீதம் எடுத்துக்கொண்டே போகிறார். ஸெல்டனின் உள்ளுணர்வு சொன்னதும் ஏறக்குறைய இதுதான்.

பதினெட்டாவது ஊரில் மிச்சம் மூன்று. தேவை 1.1, இருப்பது 1. புதியவர் உள்ளே வருகிறார். இருபது ஊர்களுக்கும் சேர்த்து ஒரே சபதத்தைப் போட்டிருந்த அந்தப் பழையவர் இப்போது என்ன செய்வார்? கணக்கின்படி ஏறத்தாழ ஐந்தில் ஒரு வாய்ப்பில் சண்டை, மீதியில் வழிவிடுதல். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, பதினேழு ஊர்களில் சிங்கமாக நின்றவர் பதினெட்டில் திடீரெனப் பணிந்தது போலத் தோன்றும். அவர் குணமும் மாறவில்லை, சந்தேகத்தின் அளவும் மாறவில்லை. முன்னால் மிச்சமிருக்கும் ஊர்களின் எண்ணிக்கைதான் குறைந்துவிட்டது. மானத்துக்காகச் செலவழித்தால் அதை ஈடுகட்ட இனி ஊர்கள் போதாது.

ஒருமுறை வழிவிட்டால் அது ஒரு ஊரோடு நிற்பதும் இல்லை. மூக்கறுக்கும் ரகம் ஒருநாளும் வழிவிடாது என்பதால், அந்த ஒரு வழிவிடலே இவர் சாதாரணமானவர் என்பதற்குச் சாட்சியாகிவிடுகிறது. ஒரு சதவீதச் சந்தேகம் பூஜ்யமாகிறது. பத்தொன்பதாவது, இருபதாவது ஊர்க்காரர்கள் இனி எதையும் எடைபோட வேண்டியதில்லை, நேராக உள்ளே வருவார்கள். பழையவர் அவர்களிடம் பழைய சபதத்தைத் திரும்பச் சொல்லிப் பார்க்கலாம். சொல்ல இன்னமும் செலவில்லைதான்.